பசையை எடுத்துவிட்டால் வெந்தயத்தில் என்ன மிச்சம்?

வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். வெந்தயத்துக்குள் இருக்கும் எது குறைக்கிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும். கசப்பு என்பார்கள் சிலர், குளிர்ச்சி என்பார்கள் சிலர். இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய ஓர் ஆய்வு ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நடந்தது. ஆர்.டி.சர்மா 1986இல் வெளியிட்ட அந்த ஆய்வு, நான் படித்த வெந்தய ஆய்வுகளிலேயே மிகத் தெளிவாகத் திட்டமிடப்பட்டது என்று நினைக்கிறேன்.

அவர் செய்தது இதுதான். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்குவதை அளந்தார். அதையே வெந்தயத்தோடு சேர்த்துக் கொடுத்தும் அளந்தார். வெந்தயத்தை ஒரே வடிவத்தில் கொடுக்கவில்லை. முழு விதையாக ஒரு தடவை, கொழுப்பு முதலியவற்றைப் பிரித்தெடுத்த விதையாக ஒரு தடவை, சமைத்த விதையாக ஒரு தடவை, விதையிலிருந்து எடுத்த பசையை மட்டும் ஒரு தடவை, பசையை நீக்கிய சக்கையை ஒரு தடவை, சமைத்த வெந்தயக் கீரையாக ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். சர்க்கரை ஏறி இறங்கும் வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் கணக்கு. முழு விதையில் 42.4 சதவீதம் சுருங்கியது. பசையை மட்டும் கொடுத்தபோது 37.5 சதவீதம். பிரித்தெடுத்த விதையில் 36.9, சமைத்த விதையில் 35.1. பசை நீக்கிய சக்கையிலும் கீரையிலும் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பசையைத் தனியே எடுத்துக் கொடுத்தால் முழு விதை செய்யும் வேலையில் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் கசப்பும் மணமும் புரதமும் அப்படியே இருந்தும் வேலை நடப்பதில்லை. ஆக, சாப்பிட்ட உடனே ஏறும் சர்க்கரையைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பசைதான். அதன் வேதியியல் பெயர் கலாக்டோமன்னன்.

பசை விதைக்குள் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரவு ஊறவைத்த ஒரு வெந்தயத்தைக் காலையில் எடுத்து நகத்தால் மெல்லப் பிளந்தால் மூன்று அடுக்குகள் தெரியும். வெளியே மெல்லிய பழுப்புத் தோல். நடுவில் மஞ்சளான பருப்பு, அதுதான் செடியின் கரு. இரண்டுக்கும் இடையில் கண்ணாடி மாதிரி, வழவழவென்று, விரலில் ஒட்டும் ஒரு படலம் இருக்கும். அதுதான் முளைசூழ்தசை, கலாக்டோமன்னன் முழுவதும் அதில்தான் குவிந்திருக்கிறது. விதையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசை. விதை வகைக்கும் விளைந்த மண்ணுக்கும் தகுந்தபடி இது கூடும், குறையும்.

கலாக்டோமன்னன் ஒரு நீளமான சர்க்கரைச் சங்கிலி. மன்னோஸ் என்ற சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்து நிற்க, அதிலிருந்து பக்கவாட்டில் கலாக்டோஸ் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். முருங்கை ஈர்க்கில் இலைகள் வரிசையாக நிற்பது போல என்று நினைத்துக்கொள்ளலாம். இந்த இலைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதில்தான் வெந்தயத்தின் தனித்தன்மை இருக்கிறது. வெந்தயத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு மன்னோஸுக்கும் ஒரு கலாக்டோஸ் உண்டு. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் இரண்டு மன்னோஸுக்கு ஒன்று. மத்தியதரைக்கடல் பக்கம் விளையும் கரோப் மரத்தின் விதைப் பசையில் நான்குக்கு ஒன்று. பக்கக் கிளைகள் குறைந்தால் சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து இறுகிவிடும், அதனால் கரோப் பசையைக் கரைக்கச் சூடு தேவைப்படும். வெந்தயத்தில் கிளைகள் நெருக்கமாக இருப்பதால் சங்கிலிகள் ஒட்டி உட்கார இடமில்லை. பச்சைத் தண்ணீரிலேயே அது நீரை உள்ளே இழுத்துக்கொண்டு விரியும்.

அப்புறம் இன்னொரு விஷயம். நம் உமிழ்நீரிலும் கணைய நீரிலும் இருக்கும் அமைலேஸ் நொதி, சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்தின் பிணைப்புகளை வெட்டும். மன்னோஸ் சங்கிலியின் பிணைப்பு வேறு வகை. அதை வெட்டும் நொதி மனிதனின் செரிமான நீர் எதிலும் இல்லை. அதனால் சர்க்கரைகளால் ஆனதாக இருந்தும் கலாக்டோமன்னன் ரத்தத்தில் சர்க்கரையாக மாறாமல், சிறுகுடல் முழுவதையும் பசையாகவே கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கேதான் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து உடைக்கின்றன.

சரி, இது சர்க்கரையை எப்படித் தாமதப்படுத்துகிறது? அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெரியவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்றால், ஒவ்வொரு 100 மில்லிலிட்டருக்கும் 100 மில்லிகிராம் என்று பொருள். மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி சீனி! ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டில் 50 கிராம் மாவுச்சத்து சுலபமாக உள்ளே போய்விடும். ரத்தத்தில் ஏற்கெனவே உள்ளதைப்போல் பத்து மடங்கு குளுக்கோஸ் அந்த ஒரு தட்டில் இருக்கிறது. அது மொத்தமும் எப்படியும் ரத்தத்துக்குள் வரத்தான் போகிறது. நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது, அதே நிமிடத்தில் இன்சுலின் எவ்வளவை வெளியேற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேர்க்கிறது என்பதுதான் கேள்வி. வரத்து வேகமாகவும் வெளியேற்றம் மெதுவாகவும் இருந்தால் மீட்டரில் 250 காட்டும். வெந்தயப் பசை கை வைப்பது வரத்தின் வேகத்தில்.

முதல் தடை இரைப்பையில். சாப்பாடு அங்கே கூழாகி, சிறுகுடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கூழ் கொழகொழவென்று கெட்டியானால் இறங்கும் வேகம் குறையும். இரண்டாவது தடை சிறுகுடலுக்குள். குடல் சுருங்கி விரிந்து உணவைக் கலக்கிக்கொண்டே இருப்பதால்தான் அமைலேஸ் நொதி மாவுச்சத்தின் எல்லாப் பக்கத்தையும் தொட முடிகிறது. கெட்டியான கூழில் அந்தக் கலக்கல் சரியாக நடக்காது, மாவுச்சத்து குளுக்கோஸாக உடைவதே தாமதமாகும். மூன்றாவது தடை குடல் சுவரில். அந்தச் சுவரை ஒட்டி எப்போதும் கலங்காத ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டு. குளுக்கோஸ் அதைத் தாண்டிப் போனால்தான் உறிஞ்சும் செல்களிலுள்ள கடத்திப் புரதங்களைத் தொட முடியும். பசை சேர்ந்தால் இந்தப் படலம் தடித்துப் போகிறது, குளுக்கோஸ் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது.

மூன்றும் சேர்ந்து நடப்பது என்னவென்றால், சிறுகுடலின் மேல்பகுதியிலேயே பெரும்பாலும் முடிந்துவிட வேண்டிய உறிஞ்சுதல், குடலின் நீளம் முழுக்கப் பரவுகிறது. கடைசிப் பகுதிவரை குளுக்கோஸ் போய்ச் சேரும்போது அங்கே இன்னொரு வேலையும் தொடங்க முடியும். ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் அந்தப் பகுதியில்தான் அதிகம். அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும், இரைப்பை காலியாவதை இன்னும் மெதுவாக்கும். இன்று ஊசியாகப் போடப்படும் புது வகை நீரிழிவு மருந்துகள் பல இந்த ஹார்மோனின் வழியில்தான் வேலை செய்கின்றன. ஆனால் அந்த மருந்துகளின் அளவுக்கு வெந்தயம் இதைத் தூண்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அளவில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது.

இதெல்லாம் கெட்டித்தன்மையால்தான் நடக்கிறது, வேறு ஏதோ ரசாயனத்தால் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அதற்கும் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1978இல் டேவிட் ஜென்கின்ஸும் அவர் குழுவினரும் பல வகை நார்ச்சத்துகளை 50 கிராம் குளுக்கோஸோடு சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள். சர்க்கரையின் உச்சத்தை மிக அதிகமாகத் தட்டையாக்கியது குவார் பசை, அதாவது வெந்தயப் பசையின் நெருங்கிய உறவு. அதே குவார் பசையின் சங்கிலியை நறுக்கி, கொழகொழப்பே இல்லாமல் செய்து கொடுத்தபோது பலன் காணாமல் போய்விட்டது. மூலக்கூறின் சரக்கு அதேதான், நீளம்தான் போயிற்று. எந்த நார் எவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்கு உச்சம் குறைந்தது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால், கடையில் விற்கும் எந்த வெந்தயப் பொருளையும் ஒரே கேள்வியால் எடைபோட்டுவிடலாம்: தண்ணீரில் கலந்தால் இது கெட்டியாகிறதா?

அந்தக் கேள்வியை நம் வீட்டு வழக்கங்களிடம் கேட்டுப் பார்ப்போம்.

ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்தத் தண்ணீர் லேசாக வழவழப்பாக இருக்கும், அவ்வளவுதான். தோலுக்கும் பருப்புக்கும் நடுவில் அடைபட்டிருக்கும் பசையில் மிகச் சிறிய பங்கே வெளியே வந்திருக்கும். மிச்சமெல்லாம் கொட்டிய விதையோடு போய்விட்டது. அதோடு, குடித்த நேரத்தில் வயிற்றில் தாமதப்படுத்த எந்த மாவுச்சத்தும் இல்லை. அரை மணி கழித்து இட்லி வரும்போது அந்தத் தண்ணீர் இரைப்பையைத் தாண்டிப் போயிருக்கும்.

விதையை மெல்லாமல் முழுசாக விழுங்குவதும் கிட்டத்தட்ட அதே கதைதான். தோல் பிளக்காமல் போகும் விதைகள் உள்ளேயே பசையை வைத்துக்கொண்டு கடந்துவிடும். பொடித்தால் அல்லது ஊறவைத்து அரைத்தால்தான் பசை சாப்பாட்டோடு கலக்கும். ஊறிய வெந்தயத்தை அரைத்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் அது பொங்கி, நுரைத்து, வழித்தெடுக்கவே சிரமப்படும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். அந்தக் கெட்டிதான் நமக்கு வேண்டியது.

சமைத்தால் வீரியம் போய்விடும் என்று ஒரு பயம் உண்டு. சர்மாவின் ஆய்வில் சமைத்த விதையும் 35 சதவீதம் குறைத்தது என்பதைக் கவனியுங்கள். கொதிக்கவைத்தால் இந்தச் சங்கிலி எளிதில் அறுந்துவிடுவதில்லை. அதனால் வெந்தயக் குழம்பில் வெந்த விதையை ஒதுக்காமல் மென்று சாப்பிடுகிறவர் நஷ்டப்படவில்லை. வெந்தயக் களி விஷயம் வேறு. பசை அதில் நிறையவே இருக்கிறது, ஆனால் பச்சரிசியும் கருப்பட்டியும் அதைவிட நிறைய இருக்கின்றன. வெந்தயம் இருக்கிறதே என்று சர்க்கரை நோயாளிக்கு ஒரு கிண்ணம் களி கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

முளைகட்டிய வெந்தயம்தான் பலரை ஆச்சரியப்படுத்தும். முளைகட்டினால் சத்து கூடும் என்பது பொதுவான நம்பிக்கை, சில வைட்டமின்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் செடி எதற்காகக் கலாக்டோமன்னனைச் சேர்த்து வைக்கிறது? முளைக்கும்போது தண்ணீரைப் பிடித்து வைக்கவும், பிறகு குட்டிச் செடிக்கு உணவாகவும்தான். வேர் வெளியே வந்த பிறகு, விதைத் தோலுக்கு உள்பக்கமாக உள்ள ஒரு செல் அடுக்கு மூன்று நொதிகளைச் சுரக்கிறது. ஒன்று பக்கத்துக் கலாக்டோஸைக் கழற்றும், மற்ற இரண்டும் மன்னோஸ் சங்கிலியை நறுக்கும். கிராண்ட் ரீட் என்ற தாவரவியலாளர் 1970களில் இதை வெந்தயத்திலேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அடுத்த ஓரிரு நாளில் பசை அடுக்கு கரைந்து கருவுக்குள் போய்விடுகிறது. ஜென்கின்ஸ் ஆய்வகத்தில் பசையை நறுக்கியதை விதை தானாகவே செய்துகொள்கிறது. முளையின் நீளம் கூடக்கூட, சர்க்கரையைத் தாமதப்படுத்தும் வேலைக்கு அது உதவாமல் போகிறது. சாலட்டுக்கு முளைகட்டிய வெந்தயம் ருசியாக இருக்கும், சாப்பிடுங்கள். இந்த ஒரு வேலைக்காக மட்டும் அதை நம்ப வேண்டாம்.

இப்போது அளவுக்கு வருவோம், ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. நீளச் சங்கிலிப் பசைகளின் கெட்டித்தன்மை அளவோடு நேராக ஏறாது. மிகக் குறைவாக இருக்கும்போது சங்கிலிகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே மிதக்கும், தண்ணீர் கிட்டத்தட்டத் தண்ணீராகவே இருக்கும். ஓர் எல்லையைத் தாண்டி அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளத் தொடங்கினால், பசையின் அளவை இரண்டு மடங்காக்கும்போது கெட்டித்தன்மை பத்து மடங்குக்குப் பக்கத்தில் எகிறும்.

ஐதராபாத்தின் பல ஆய்வுகளில் பயன்பட்ட 25 கிராம் விதையை எடுத்துக்கொள்வோம். அதில் பசை சுமார் 6 கிராம். ஒரு வேளை உணவு, குடித்த தண்ணீர், இரைப்பை நீர் எல்லாம் சேர்த்து 600 மில்லிலிட்டர் என்று வைத்தால், பசை 1 சதவீதத்தைத் தொடுகிறது. சங்கிலிகள் நன்றாகச் சிக்கிக்கொள்ளும் அளவு அது. ஒரு தேக்கரண்டி விதை ஏறக்குறைய 4 கிராம், அதில் பசை 1 கிராம். அதே வயிற்றில் 0.2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆறில் ஒரு பங்கு பசைக்கு ஆறில் ஒரு பங்கு பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, அதைவிட மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். வயிற்றில் எல்லாம் ஒரே சீராகக் கலந்துவிடுவதில்லை என்பதால் இது தோராயமான கணக்குதான். ஆனாலும் இட்லி மாவில் போடும் ஒரு கரண்டி வெந்தயம், நாலைந்து பேருக்குப் பங்குபோன பிறகு, யாருடைய சர்க்கரையையும் அசைக்காது என்பதை இது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும் அளவு முக்கியம் என்றே தெரிகிறது. பத்து ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 17 புள்ளிகளும், இரண்டு மணி நேரச் சர்க்கரை 39 புள்ளிகளும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 0.85 சதவீதமும் குறைந்திருந்தன. நாளுக்கு 5 கிராமும் அதற்கு மேலும் கொடுத்த ஆய்வுகளில்தான் பலன் தெளிவாக இருந்தது. அந்த ஆய்வுகளில் பல சிறியவை, தரமும் குறைவு என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். வெந்தயத்துக்கு இருக்கும் மணத்தையும் கசப்பையும் மறைத்து ஒரு போலிப் பொடி தயாரிப்பது லேசான காரியம் இல்லை, தான் சாப்பிடுவது வெந்தயம்தான் என்று ஆய்வில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தவர் மற்ற சாப்பாட்டிலும் கொஞ்சம் கட்டுப்பாடாக இருந்துவிடுவார். 0.85 என்ற எண்ணைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குறைந்தது என்பதில் ஒரு புதிர் இருக்கிறது. அந்த நேரத்தில் குடலில் உறிஞ்ச எதுவும் இல்லை. இரவெல்லாம் கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸ்தான் ரத்தத்தில் இருக்கிறது. நேற்று ராத்திரி சாப்பாட்டோடு போன பசை, காலை ஆறு மணிச் சர்க்கரையை எப்படிக் குறைக்கும்? குடலில் தாமதம் என்ற ஒரே காரணத்தால் இதை விளக்கிவிட முடியாது. உடம்பு இன்சுலினுக்குக் கீழ்ப்படிவதிலேயே ஏதோ முன்னேற்றம் நடந்திருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு நேர்த்தியான வழி உண்டு: குடலையே சுற்றிக்கொண்டு போய்விடுவது. அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் டி.சி.ரகுராம், சர்மா உள்ளிட்டோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 10 பேர் 15 நாட்கள் தினமும் 25 கிராம் வெந்தயம் சாப்பிட்டார்கள். வெந்தயம் இல்லாத 15 நாட்களும் அதே ஆட்களுக்கு உண்டு. முடிவில் குளுக்கோஸை வாய்வழியாகக் கொடுக்காமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். பசைக்கு இங்கே வேலையே இல்லை, ஏற்றிய குளுக்கோஸ் குடலைப் பார்ப்பதே கிடையாது. அப்படியிருந்தும் வெந்தயம் சாப்பிட்ட காலத்தில் குளுக்கோஸ் ரத்தத்தை விட்டு வேகமாக வெளியேறியது. சிவப்பணுக்களின் மேல் இருக்கும் இன்சுலின் ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. வெறும் 10 பேர்தான், உண்மை. ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்ட ஆய்வு இது.

அதே சமயம் இந்த ஆய்வு சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அவர்கள் சாப்பிட்டது பசையை மட்டும் இல்லை, முழு விதையை. வெந்தயத்தில் 4-ஹைட்ராக்சி ஐசோலூசின் என்ற ஓர் அபூர்வ அமினோ அமிலமும் உண்டு. சர்க்கரை ஏறியிருக்கும்போது கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்க அது உதவுகிறது என்று பிரான்ஸின் மோன்பெலியே ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். சபோனின்கள், ட்ரைகோனெல்லின் போன்ற வேறு தாவர வேதிப்பொருள்களும் உண்டு. ஜெய்ப்பூரில் நடந்து 2001இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஆல்கஹாலும் நீரும் கலந்து எடுத்த வெந்தயச் சாறு நாளுக்கு 1 கிராம் கொடுத்ததில் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது. கலாக்டோமன்னன் ஆல்கஹாலில் கரையாது, ஆய்வகத்தில் பசையைத் தனியே பிரிக்கவே ஆல்கஹாலைத்தான் ஊற்றுவார்கள். எனவே அந்தச் சாற்றின் பலனைப் பசையின் கணக்கில் எழுத முடியாது.

பசை மட்டுமே இன்சுலின் பக்கமும் வேலை செய்யுமா என்பதற்கு நெருங்கிய சான்று எலிகளிடமிருந்து வருகிறது. டாக்காவைச் சேர்ந்த ஜே.எம்.ஏ.ஹன்னானும் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் வெந்தயத்தின் கரையும் நார்ப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தார்கள். சீனிக் கரைசலோடு அதைக் கொடுத்தபோது, உறிஞ்சப்படாத சீனி எலியின் குடலில் கூடுதலாகத் தங்கியிருந்தது. தாமதம் நடப்பதை நேரே பார்த்தது போல. பிறகு இரண்டாம் வகை நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு 28 நாட்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, கல்லீரல் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாக மாற்றி வைக்கும் சேமிப்பு கூடியது, ஆனால் ரத்தத்தில் இன்சுலின் அளவு மாறவில்லை. அதாவது கணையம் அதிகமாகச் சுரக்கவில்லை, சுரந்த அதே இன்சுலின் அதிகமாக வேலை செய்திருக்கிறது. கண்ணாடித் தட்டில் வளர்த்த கொழுப்புச் செல்களிலும் இந்தப் பகுதி குளுக்கோஸ் உள்ளே போவதைக் கூட்டியது.

ஆனால் தட்டில் வளர்த்த செல்லுக்குப் பசையை நேரே ஊற்றுவது போல நம் உடம்பில் நடக்காது. செரிக்காத பசை ரத்தத்துக்குள் வந்து கொழுப்புச் செல்லைத் தொடப்போவதில்லை. அதனால் மனித உடம்பில் இது மறைமுகமாக நடக்கும் என்று நினைப்பதுதான் பொருத்தம். ஒரு வழி, தினமும் மூன்று வேளையும் சர்க்கரை உச்சத்துக்குப் போகாமல் இருந்தால் தசையும் கணையமும் அந்த அதிகச் சர்க்கரையின் பாதிப்பிலிருந்து கொஞ்சம் மீளும், இன்சுலினுக்குப் பதில் சொல்லும் திறன் திரும்பும். இன்னொரு வழி, பெருங்குடலில் பசை புளிக்கும்போது உண்டாகும் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குட்டைக் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய்ச் சேரும். இன்சுலின் பக்கத்துப் பலன் உண்மையாகவே பசையிலிருந்து வருகிறது என்றால், அது ஒரு வேளையில் தெரியாமல் வாரக்கணக்கில்தான் தெரியும்.

வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவருக்கு அளந்து பார்க்கும் முறை முக்கியம். ஒருவர் காலையில் எப்போதும் சாப்பிடும் அதே இட்லியை, அதே எண்ணிக்கையில், அதே நேரத்தில், ஒரு நாள் வெந்தயப் பொடியோடும் ஒரு நாள் இல்லாமலும் சாப்பிட்டு, ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்க்கலாம். வெந்தயம் இல்லாத நாளில் 215, 180, 140 என்றும், இருந்த நாளில் 180, 185, 150 என்றும் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்தை மட்டும் பார்த்தவர், வெந்தயம் போட்டும் ஐந்து புள்ளி கூடியிருக்கிறதே என்று கைவிட்டுவிடுவார். நடந்தது என்னவோ நாம் எதிர்பார்த்ததுதான்: உச்சம் தணிந்து, தள்ளிப் போயிருக்கிறது. தாமதமாக வரும் குளுக்கோஸ் பிந்திய நேரத்தில் தெரியத்தான் செய்யும். வீட்டு மீட்டர்களுக்குச் சர்வதேசத் தர விதி அனுமதிக்கும் பிழையே 100க்கு மேல் 15 சதவீதம் வரை என்பதால், ஒரே ஒரு நாளின் பத்து இருபது புள்ளி வித்தியாசத்துக்கு அர்த்தம் கிடையாது. சில தடவை மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

பொடியைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்போ சாப்பாட்டோடோ மோரிலோ தண்ணீரிலோ நன்றாகக் கலக்கித்தான் எடுக்க வேண்டும். காய்ந்த பொடியை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் குடிப்பது ஆபத்து, உணவுக் குழாயிலேயே ஊறி உப்பிக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் வயதானவர்கள் இதை முயலவே வேண்டாம். திடீரென்று 25 கிராமில் தொடங்கினால் வயிறு உப்பும், வாயு பிரியும், பேதியும் ஆகலாம். கால் தேக்கரண்டியில் ஆரம்பித்து வாரக்கணக்கில் ஏற்றுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். நீண்டகால நீரிழிவில் இரைப்பை நரம்பு பாதித்து உணவு தானாகவே தாமதமாக இறங்குகிறவர்களுக்கு, இன்னும் தாமதப்படுத்தும் எதுவும் தொந்தரவையே கூட்டும். கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்கக் கூடாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை இருப்பவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம், எல்லாம் ஒரே பயறுக் குடும்பம்.

பசை குளுக்கோஸை மட்டும் பார்த்துத் தாமதப்படுத்தாது. கூடவே விழுங்கிய மாத்திரையும் அதே கூழில் சிக்கிக்கொள்ளும். தைராய்டு, இதய நோய் போன்றவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயப் பொடிக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுவது நல்லது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலின் ஊசி போடுபவர்களும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டியவர்கள். அந்த மருந்து வழக்கமான நேரத்தில் வேலையை ஆரம்பித்துவிடும், சாப்பாட்டின் சர்க்கரையோ பசையில் மாட்டிக்கொண்டு பிந்தி வரும். அந்த இடைவெளியில் கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் அது தாழ்சர்க்கரை. அப்போது உடனே குளுக்கோஸ் பொடியையோ சீனியையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கும்வரை வெந்தயத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.